பழைய மேசை: இரண்டு கடை, இரண்டு விலை, எது மலிவு?

ஜன்னலோரம்: எழுதுமேசை ஒன்று தேடுகிறேன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. புதுக் கெட்டி மர மேசை 100 என்று வைத்துக்கொண்டால், முதல் கடை 45 கேட்கிறது, மேலே கீறல்கள் இருக்கின்றன. இரண்டாவது கடை 22தான், பளபளவென்று இருக்கிறது. இரண்டாவதை வாங்கிவிடலாமா?

பழையமரம்: தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் கெட்டி மரம்.

உளிச்சத்தம்: கனத்தை மட்டும் நம்ப முடியாது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டும் நன்றாகவே கனக்கும். பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் மரம். விளிம்பில் தனிப் பட்டை ஒட்டியிருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. குனிந்து அடிப்பக்கமும் பாருங்கள், கால் நுனி ஊதியிருக்கிறதா என்று. தண்ணீர் குடித்து உப்பிய போர்டு திரும்ப அமுங்காது, அதில் திருகும் பிடிக்காது.

இன்னொன்று, இரண்டையும் ஒரே புது விலையோடு ஒப்பிடுகிறீர்கள். போர்டு மேசை புதிதாகவே 30தான் என்றால், 22 என்பது முக்கால் விலை! கெட்டி மரமானால் 45, பாலிஷுக்கு 10, ஆக 55. இழைத்தால் கீறல் போய்விடும். மொத்தச் செலவு அதே பொருளின் புது விலையில் பாதிக்குள் நிற்க வேண்டும், என் கணக்கு அதுதான். 55 அதைக் கொஞ்சம் தாண்டுகிறது, பேரம் பேசுங்கள்.

மாடிவீடு: நான் வாங்கிய சோபாவும் இப்படித்தான், துணி புதிது, உட்கார்ந்தால் பலகை தட்டுகிறது. பஞ்சு மாற்ற எவ்வளவு ஆகும்?

உளிச்சத்தம்: அதைத் தனியாகக் கேளுங்கள் நண்பரே, சோபாவின் கணக்கே வேறு.

ஜன்னலோரம்: போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவதன் பின்கால் நுனி விரலுக்கே சொரசொரப்பாக ஊதியிருக்கிறது, விட்டுவிட்டேன். முதலாவதில் மேற்பலகை மரம்தான், அடியிலும் அதே இடத்தில் அதே கணு தெரிகிறது. ஆனால் பக்கப் பலகைகள் வெனீர் ஒட்டிய பிளைவுட்!

உளிச்சத்தம்: அப்படியானால் ஒப்பிட வேண்டியது 100ஓடு அல்ல. இதே கலவையில் புதிதாகச் செய்ய எவ்வளவு ஆகும் என்று தச்சரிடம் கேளுங்கள். 70 என்றால் பாதி 35, பாலிஷ் 10 போக, 25க்கு மேல் கொடுக்காதீர்கள். பக்கங்களை இழைக்கவும் விடாதீர்கள். வெனீர் தோல் மாதிரி மெல்லியது, இரண்டு தேய்ப்பில் உள்பலகை தெரிந்துவிடும்.

ஜன்னலோரம்: தச்சரும் ஏறக்குறைய 70தான் சொன்னார். கடைக்காரர் 32க்கு இறங்கினார், அதற்குக் கீழே வரவில்லை. டிராயருக்குள் குண்டூசி முனையளவு நாலைந்து ஓட்டைகளும் இருக்கின்றன.

பழையமரம்: பழைய உளுப்பாக இருக்கும், பரவாயில்லை.

உளிச்சத்தம்: பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது. டிராயரைத் துடைத்து, கறுப்புத் தாள் விரித்து, சில வாரம் வைத்திருக்கக் கடைக்காரர் சம்மதிப்பாரா? மாவு மாதிரித் தூள் புதிதாக விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது.

ஜன்னலோரம்: கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.