உதவி தேவை: தீபாவளிச் சலுகை அறிவிப்பு வெளிநாட்டுத் தமிழருக்குப் புரியவில்லை

பட்டுக்கடை_வேலூர்: வணக்கம். எங்கள் தீபாவளிச் சலுகை அறிவிப்பை வெளிநாட்டில் வாழும் தமிழ் வாடிக்கையாளர்களுக்கும் அப்படியே அனுப்பினோம். நல்ல தமிழில்தான் இருக்கிறது, ஆயினும் "எத்தனை வெள்ளி தருவீர்கள்?", "எல்லாத் துணிக்கும் உண்டா?" என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. நாளை மாலைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். எங்கே பிழை?

சத்துவாச்சாரி_வாசகர்: அறிவிப்பின் வாசகத்தையே தரவில்லையே, ஐயா. எந்தெந்த நாடுகளுக்கு அனுப்பினீர்கள்? விலை எந்த நாட்டுப் பணத்தில் குறிக்கப்பட்டுள்ளது?

ஆம்பூர்_காலணி: துபாய்க்குக் காலணி அனுப்பும் எங்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஆங்கிலத்திலேயே அனுப்பத் தொடங்கியதும் தீர்ந்தது. நீங்கள் அந்தந்த நாட்டு மொழிபெயர்ப்பாளர்களை அணுகுவது நல்லது.

பட்டுக்கடை_வேலூர்: மொழிபெயர்ப்பு வேண்டாம், அண்ணா; வாங்குவோர் தமிழில்தான் கேட்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகள். வாசகம் இதுதான்: "5,000 ரூபாய்க்கு மேல் ஆரணிப் பட்டுப் புடவை வாங்குவோருக்கு 10% தள்ளுபடியுடன் வெள்ளிக் காசு இலவசம். கடைசித் தேதி அக்டோபர் 15."

கோட்டை_தமிழன்: இம்மன்றத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 'சலுகை' என்ற ஒரு சொல்லை எழுதினால் உலகத் தமிழர் அனைவருக்கும் விளங்கும். நாட்டுக்கு ஒரு தமிழ் எழுதுவது, தமிழ் சரியாகத் தெரியாதவர்கள் செய்யும் வேலை.

குடியாத்தம்_சிராங்கூன்: சலுகை பொதுச்சொல் என்பது சரிதான், ஆனால் இங்கே சிக்கல் அந்தச் சொல்லில் இல்லை. நான் சிங்கப்பூரில் நெடுங்காலம் கடையில் பணியாற்றியவன். அங்கே டாலரை 'வெள்ளி' என்றும் சென்டைக் 'காசு' என்றும் எழுதுவார்கள்; 'ஐந்து வெள்ளி ஐம்பது காசு' என்பது கடையில் அன்றாடம் கேட்கும் பேச்சு. ஆகவே "வெள்ளிக் காசு இலவசம்" என்று படிப்பவர், ஏதோ தொகை திருப்பித் தரப்படுகிறது என்றே நினைப்பார். மலேசியாவில் எழுத்தில் ரிங்கிட் என்று இருந்தாலும் பேச்சில் வெள்ளி உண்டு. 'வெள்ளி நாணயம்' என்று மாற்றினாலும் ஐயம் தீராது. எடையையும் உருவத்தையும் சேர்த்து, "இலட்சுமி உருவம் பொறித்த, 5 கிராம் எடையுள்ள தூய வெள்ளி நாணயம்" என்று எழுதுங்கள். எடை சொன்னவுடன் அது உலோகம் என்பது விளங்கிவிடும். உங்கள் நாணயத்தின் எடை வேறானால் அதை எழுதுங்கள்.

காட்பாடி_யாழ்மகள்: இலங்கை வாசகர்களின் குழப்பம் வேறு. எங்கள் ஊரில் 'புடவை' என்றால் பொதுவாகத் துணி என்ற பொருளும் உண்டு. புடவைக் கடையில் எல்லாத் துணியும் கிடைக்கும். உடுத்துவதைச் சேலை என்போம். "பட்டுச் சேலை" என்று எழுதினால் நான்கு நாட்டிலும் விளங்கும். அதைவிட முக்கியமானது பணம். எங்கள் பணமும் ரூபாதான். சுருக்கமாக இரண்டு நாட்டிலும் 'ரூ.' என்றே எழுதுகிறோம். இந்திய ரூபாயின் மதிப்பு இலங்கை ரூபாவைப்போல மும்மடங்குக்கு மேல் இருப்பதால், 5,000 ரூபா என்று எண்ணி வருபவர் பணம் செலுத்தும்போது ஏமாந்ததாகவே உணர்வார். "இந்திய ரூபாய் 5,000" என்று முழுமையாக எழுதுங்கள். தேதியைத் 'திகதி' என்றும் அக்டோபரை 'ஒக்டோபர்' என்றும் எழுதினால் உறவாக இருக்கும். எழுதாவிட்டாலும் பொருள் கெடாது.

சத்துவாச்சாரி_வாசகர்: அப்படியானால் 'தள்ளுபடி'யை என்ன செய்வது? இலங்கையில் 'கழிவு' என்பார்களாமே.

காட்பாடி_யாழ்மகள்: ஆம், 'விலைக்கழிவு' என்பதே எங்களுக்கு இயல்பு. தள்ளுபடியும் விளங்கும்.

கோட்டை_தமிழன்: கழிவு என்றால் குப்பை. பட்டுக்கு அருகில் அந்தச் சொல்லை வைக்கலாமா?

குடியாத்தம்_சிராங்கூன்: வேலூரில் ஒட்டும் சுவரொட்டியில் வைக்கக் கூடாது, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் செய்தியில் வைக்கலாம். சிங்கப்பூரிலும் 'கழிவு' கண்டிருக்கிறேன். ஒரே வாசகத்தை நால்வருக்கும் அனுப்புவதால்தான் இந்த வாதமே எழுகிறது.

கோட்டை_தமிழன்: தரத்தமிழ் ஒன்றே என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆம்பூர்_காலணி: ஒன்று கேட்கிறேன். வெள்ளி நாணயத்தை அஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்ப விடுவார்களா? நாணயத்துக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்கும் அஞ்சல் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. சொல்லைத் திருத்துமுன் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

குடியாத்தம்_சிராங்கூன்: சரியான கேள்வி. கடைசி நாளுக்குப் பின் "இந்திய நேரப்படி இரவு 12 மணி வரை" என்றும் சேருங்கள். சிங்கப்பூர், மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே செல்வதால், அங்குள்ளவர் தம் ஊர் நள்ளிரவோடு சலுகை முடிந்ததென்று விட்டுவிடுவார். இலங்கைக்கு அந்த வேறுபாடு இல்லை.

பட்டுக்கடை_வேலூர்: நன்றி. இலங்கைக்குத் தனியாகவும், சிங்கப்பூர், மலேசியாவுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டோம். சிங்கப்பூரிலிருந்து வெள்ளி பற்றிய கேள்வி இதுவரை வரவில்லை. நாணயம் அனுப்புவது பற்றி அஞ்சலகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

காட்பாடி_யாழ்மகள்: இலங்கைச் செய்தியில் தள்ளுபடியா, கழிவா?