ஸ்லாப் வரிக்கு எக்செல் அட்டவணை: எங்கே உதைக்கிறது?

ராயபுரம் பேரோல்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து கிளியரிங் ஆபீஸ்களில் வருமான வரிக்கு IF-க்குள் IF போட்ட சம்பள ஷீட்தான் இன்னும் ஓடுகிறது. ஏழு ஸ்லாப் ஆனபின் அந்த ஃபார்முலாவைத் திறந்தால் எந்த அடைப்புக்குறி எதோடு சேர்ந்தது என்றே தெரிவதில்லை. அட்டவணைக்கு மாற்றியவர்கள் என்னென்ன கோளாறு பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். சரியாக ஓடும் வடிவத்தை முதலில் நான் போட்டுவிடுகிறேன். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை.

F2 முதல் F8 வரை ஒவ்வொரு ஸ்லாபும் தொடங்கும் தொகை: 0, 4 லட்சம், 8, 12, 16, 20, 24 லட்சம். பக்கத்தில் G-யில் விகிதம்: 0%, 5%, 10%, 15%, 20%, 25%, 30%. H-இல், அந்தத் தொடக்கத் தொகை வரை ஏற்கெனவே சேர்ந்த வரி. H2-இல் 0. H3-இல் கீழே உள்ளதைப் போட்டு H8 வரை இழுக்க வேண்டும்.

```
=H2+(F3-F2)*G2
```

0, 20,000, 60,000, 1,20,000, 2,00,000, 3,00,000 என்று வர வேண்டும். B2-இல் ஆண்டுச் சம்பளம், B3-இல் `=MAX(0,B2-75000)`. வரி B4-இல்:

```
=VLOOKUP(B3,$F$2:$H$8,3,TRUE)
+(B3-VLOOKUP(B3,$F$2:$H$8,1,TRUE))
*VLOOKUP(B3,$F$2:$H$8,2,TRUE)
```

சம்பளம் 14,85,000 என்றால் B3 14,10,000. தேடல் 12 லட்சம் வரிசையில் நிற்கும். அதுவரை சேர்ந்த 60,000, மேலே உள்ள 2,10,000-க்கு 15% வீதம் 31,500, மொத்தம் 91,500. 4% செஸ் 3,660 சேர்த்தால் 95,160.

மண்ணடி பேரேடு

வடிவம் சரி. நான் பார்க்கும் ஷீட்டுகளில் பாதிக்கு மேல் இடிப்பது F-இல்தான். அரசு அறிவிப்பில் "4 லட்சம் வரை இல்லை, 4 முதல் 8 வரை 5%" என்று இருப்பதால் ஸ்லாப் முடியும் தொகையை எழுதிவிடுகிறார்கள். TRUE போட்ட VLOOKUP, தேடும் தொகைக்குச் சமமான அல்லது அதற்குக் கீழே உள்ள பெரிய எண்ணில் போய் நிற்கும். அதனால் தொடக்கத் தொகைதான் வேண்டும், ஏறுவரிசையில். TRUE-க்குப் பதில் FALSE போட்டால் B3 சரியாக 8,00,000 போல ஒரு தொடக்கத் தொகையாகவே உள்ளவருக்கு மட்டும் விடை வரும், மற்றவர்களுக்கு #N/A.

இன்னொன்று, இதைவிட ஆபத்து. H-ஐ ஃபார்முலாவாக விடாமல் எண்ணாகத் தட்டி வைப்பது. 2024-25 அட்டவணையில் H 0, 0, 20,000, 50,000, 80,000, 1,40,000 என்று இருந்தது. புது ஆண்டுக்கு F-ஐயும் G-யையும் மாற்றிவிட்டு H-ஐத் தொடாமல் விட்டால், மேலே சொன்ன 14,10,000-க்கு 50,000-உம் 31,500-உம் சேர்ந்து 81,500 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, தொகையும் நம்பும்படியாகவே இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: B3-இல் 11,99,999 போடுங்கள், பிறகு 12,00,000 போடுங்கள். ஒரு ரூபாய் கூடியதற்கு B4 பத்துப் பைசா நகர வேண்டும். இந்தக் கெட்ட ஷீட்டில் 59,999.90-இலிருந்து 50,000-க்கு இறங்கும். ஆறு எல்லைகளிலும் இப்படிச் சோதித்துவிட்டால் H-ஐ நம்பலாம்.

வியாசர்பாடி எக்செல்

எதுக்கு சார் மூணு VLOOKUP? புது முறையில ஒவ்வொரு படியும் 5% தானே ஏறுது. H-ஏ வேணாம், ஒரே வரி போதும். ஏறுவரிசைகூடத் தேவையில்லை.

```
=SUMPRODUCT((B3>$F$3:$F$8)*(B3-$F$3:$F$8)*5%)
```

14,10,000-க்கு 10,10,000 + 6,10,000 + 2,10,000, மொத்தம் 18,30,000. அதுல 5% அதே 91,500. இதுல தப்பே வராது.

மண்ணடி பேரேடு

விடை சரிதான் தம்பி, முறையும் நல்ல முறை. "தப்பே வராது" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. 2024-25-இல் கடைசிப் படி 20-இலிருந்து 30-க்குத் தாவியது, அங்கே 5% செல்லாது. விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத் தனியாக ஒரு வரிசையில் வைத்துப் பெருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்தாக வரும் எண். சம்பள சாஃப்ட்வேரிலிருந்து எடுத்து B3-இல் நேரடியாக ஒட்டினால் 1410000 பல நேரம் எழுத்தாக உட்காரும். VLOOKUP உடனே #N/A காட்டி நிறுத்திவிடும். SUMPRODUCT நிறுத்தாது. எக்செல் ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது, ஆகவே ஆறு எல்லையையும் தாண்டியதாக எடுத்துக்கொள்ளும். கழிக்கும்போது மட்டும் அதை எண்ணாக்கும். 16, 20, 24 லட்சத்துக்கு எதிர்மறைத் தொகை சேர்ந்து விடை 3,000 என்று வரும். 91,500 எங்கே, 3,000 எங்கே! `=ISNUMBER(B3)` FALSE சொன்னால் வேறு செல்லில் 1 எழுதி காப்பி செய்து, B3 மேல் Paste Special, Multiply கொடுங்கள்.

பெரம்பூர் வாசி

எனக்கு ஃபார்முலா அவ்வளவாகத் தெரியாது. அப்பா ரயில்வே பென்ஷன்காரர். 75,000 கழித்தபின் 10,60,000. ஷேர் விற்றதில் குறுகிய கால லாபம் 1,00,000. இரண்டையும் கூட்டி 11,60,000 போட்டேன், 12 லட்சத்துக்குள் இருப்பதால் ரிபேட் கழித்து ஷீட் 0 காட்டுகிறது. அப்போ வரியே இல்லைதானே?

ராயபுரம் பேரோல்

இருக்கிறது சார். பட்டியலிட்ட பங்கில் வரும் அந்த லாபத்துக்குத் தனி விகிதம், 20%. ஸ்லாப் அட்டவணைக்குள் அது போகவே கூடாது. B3-இல் 10,60,000 மட்டும் போடுங்கள். 20,000-உம் 26,000-உம் சேர்ந்து 46,000 வரும், 87ஏ ரிபேட் அதை முழுக்கக் கழித்துவிடும். ஆனால் புதிய முறையில் லாபத்தின் மேலான 20,000-ஐ ரிபேட் தொடாது. செஸ்ஸோடு 20,800 கட்ட வேண்டும். அதற்குத் தனி செல் வையுங்கள்.

ரிபேட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். `=IF(B3<=1200000,0,B4)` என்று முடித்துவிடுகிற ஷீட் நிறைய. சம்பளம் 12,85,000 உள்ளவருக்கு B3 12,10,000, B4 61,500, செஸ்ஸோடு 63,960 பிடித்துவிடுகிறார்கள். 12 லட்சத்துக்கு மேல் உள்ள 10,000-ஐத் தாண்டி வரி போகக் கூடாது என்பதுதான் விளிம்புச் சலுகை. B5-இல் இது போதும்:

```
=MIN(B4,MAX(0,B3-1200000))
```

10,000 வரும். B6-இல் `=ROUND(B5*1.04,-1)`, 10,400. இந்தச் சலுகை சுமார் 12,70,588 வரை வேலை செய்யும். அதற்கு மேல் B4-ஏ சிறியதாகிவிடும், MIN தானே அதை எடுத்துக்கொள்ளும்.

வியாசர்பாடி எக்செல்

ஒத்துக்குறேன் சார், எழுத்து மேட்டர் தெரியாது. ஆனா B3, B4, B5, B6-னு நாலு செல் எதுக்கு? LET போட்டு ஒரே செல்லுல முடிச்சிடலாமே. 12 லட்சத்தையும் ஃபார்முலாவுக்குள்ள எழுதாம ஒரு செல்லுல வச்சா அடுத்த வருஷம் மாத்த ஈஸி.

மண்ணடி பேரேடு

12 லட்சத்தைத் தனி செல்லில் வைப்பது நல்லது, செய்யுங்கள். LET எக்செல் 2021-இலிருந்து வந்த பதிப்புகளிலும் 365-இலும்தான் உண்டு. 2016 ஓடும் ஆபீஸில் ஃபார்முலாவைத் திருத்தியதும் #NAME? வந்து நிற்கும். அதோடு, ஊழியர் "என் வரி எப்படி வந்தது" என்று கேட்டால் நாலு செல்லாக இருக்கும்போதுதான் விரல் வைத்துக் காட்ட முடியும்.

வியாசர்பாடி எக்செல்

காட்டணும்னா தனி ஷீட் போட்டுக் காட்டலாம் சார். இருநூறு பேர் சம்பளத்துல ஆளுக்கு நாலு செல்னா யாராவது நடுவுல ஒண்ணுல எண்ணைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. ஒரே செல்லுன்னா பூட்டி வைக்கலாம்.