புதுப்பிப்பு: எங்கள் அபார்ட்மென்ட்டில் பெரிய பழுதுவேலைகளுக்காகச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டின் கணக்கு

முன்பு நான் கேட்டது: "40 வீடு, மாதம் 500, மூன்று வருடம். டெபாசிட்டில் 4 லட்சம்தான். மீதி எங்கே?"

மாடி வீட்டு ஆடிட்டர் மாமா ரசீதுப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் வரிவரியாக ஒப்பிட்டார். வர வேண்டியது 7,20,000. நாலு வீட்டார் ஒரு பைசா கட்டவில்லை, அது 72,000. மீதி 2,48,000 தண்ணீர் லாரிக்குப் போயிருக்கிறது. மெயின்டனன்ஸ் பணமும் இந்த ஃபண்டும் ஒரே சேமிப்புக் கணக்கில் கிடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

என் கேள்விக்கு "இது திருட்டு" என்று பதில் சொன்ன நண்பர் பாதி சரி. 212ஆம் எண் லாரி பில் இரண்டு முறை இருக்கிறது, இரண்டாவதில் தேதி மட்டும் பேனாவால் திருத்தியது. வாட்ச்மேன் நோட்டில் அன்று லாரியே வரவில்லை. பொருளாளர், "மறந்து இரண்டு தடவை கொடுத்துட்டேன்" என்கிறார்.



லாரிக்காரர் இன்னும் போன் எடுக்கவில்லை.