ஃபிராக்‌ஷன்: பின்னமா, தவணையா?

மயிலாப்பூர் மொழிபெயர்ப்பாளர்:
நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் திருத்துகிறேன். கதிர் சிகிச்சையில் ஒவ்வொரு முறை வைப்பதையும் குறிக்கும் ஃபிராக்‌ஷனை ‘பின்னம்’ என்று எழுதியிருக்கிறார்கள். “உங்களுக்கு 35 பின்னங்கள்” என்றால் யாருக்குப் புரியும்? ‘தவணை’ என்று மாற்றலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தவணை என்றதும் கடன்தான் நினைவுக்கு வருகிறது. ‘கூறு’ போதும். தினமும் கட்டியில் ஒரு கூறைச் சுட்டுப் பொசுக்குகிறார்கள். மொத்தமாகச் சுட்டால் உடம்பு தாங்காது.

மருத்துவ இயற்பியலாளர், அடையாறு:
ஐயா, உடம்பு தாங்காது என்பது சரி. ஆனால் தினமும் முழுக் கட்டிக்கும்தான் கதிர் விழுகிறது. கூறு போடுவது கட்டியை அல்ல, கதிரின் அளவை. சுடுவதும் இல்லை. கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வோம். 2 கிரே வைத்தால் ஒரு செல்லின் டிஎன்ஏவில் ஒற்றை இழை அறுவது சுமார் 2,000 இடங்களில். எதிர் இழையைப் பார்த்துச் செல் அதைத் தைத்துவிடும். இரண்டு இழையும் அருகருகே அறுவது 80 இடம் இருக்கும். தையல் தவறுவது அங்கேதான். அப்படித் தையல் தவறிய செல்லும் உடனே சாகாது, பிரியப் போகும்போதுதான் விழும்.

கட்டியும் தன்னைத் தைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நாள் அளவைச் சிறிதாக்கினால் அதிகம் தப்புவது, மெதுவாகப் பாதிப்பைக் காட்டும் பக்கத்துத் திசுதான். தொண்டைக்கு 2 கிரே வீதம் 35 நாள் என்று வையுங்கள். அதையே 7 கிரே வீதம் 7 நாளில் முடித்தாலும், வழக்கமான கணக்கில் கட்டிக்கு ஏறக்குறைய அதே அடிதான். அந்தத் திசுவும் முழு அளவு வாங்கினால் அதற்கு விழும் அடி 40 சதவீதம் கூடிவிடும்.

தாம்பரம் வாசகர்:
எங்கள் வீட்டில் “கரண்ட் வைக்கிறது” என்றுதான் சொல்வோம், அதையே போடுங்களேன். அப்பாவுக்குத் தொண்டையில் வைத்தபோது ஐந்தாவது வாரம் மெஷின் பழுதாகி மூன்று நாள் போச்சு. கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சரிதானா?

அடையாறு:
அப்பா விஷயத்தைச் சிகிச்சை தந்த மருத்துவரிடமே கேளுங்கள். பொதுவாகச் சொன்னால், தொண்டைக் கட்டியில் நான்காவது வாரம் வாக்கில் மிச்சச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். கடைசியில் நாள் கூட்டினால் அந்தப் பெருக்கத்துக்கும் இடம் கொடுத்ததாகிவிடும். அதனால் முடிந்தால் சனிக்கிழமை வைப்பார்கள், அல்லது ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு வைப்பார்கள்.

மயிலாப்பூர்:
அப்போ தவறினால் வட்டி ஏறுகிறது! தவணையேதான்.

தமிழாசிரியர்:
கடன் நினைவு இப்போது உதவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்புக்கு 15 நாளில் 40 கிரே வைக்கிறார்களே, ஒரு நாள் அளவு பெரிது, எண்ணிக்கை குறைவு. அதைக் ‘குறுந்தவணை’ என்றால் சின்னச் சின்னதாக வைப்பது போல் இருக்கிறதே?

அடையாறு:
அது எனக்கும் இடிக்கிறது. ‘பெருந்தவணை’ என்றால் எண்ணிக்கை கூடின மாதிரி ஆகிவிடும்.