மைதா கூடுதல், ஈஸ்ட் குறைவு, வேலை நேரம் கூடுதல்: எந்த மாறுபாட்டைத் துருவுவது?

ஓசூர்_கணக்கர் எழுதியது:

ஓசூரில் உள்ள ஒரு பேக்கரியில் கணக்குப் பார்க்கிறேன். 400 கிராம் சாண்ட்விச் ரொட்டிதான் முக்கிய உற்பத்தி. டிசம்பர் மாதக் கணக்கை முடித்திருக்கிறேன். பாக்கெட் போட்டு வெளியே போன ரொட்டி 40,000.

ஒரு ரொட்டிக்கு 260 கிராம் மைதா என்று அளவு வைத்திருக்கிறோம். அதன்படி 10,400 கிலோ போயிருக்க வேண்டும். போனது 10,790 கிலோ. கிலோவுக்கு நிர்ணய விலை 38 ரூபாய். ஆக, 14,820 ரூபாய் பாதகம்.

ஈஸ்ட் மைதாவில் 2 சதவீதம், அதாவது 208 கிலோ. செலவானது 168 கிலோதான். கிலோ 150 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் சாதகம்.

வேலை நேரம்: மணிக்கு 25 ரொட்டி என்ற கணக்கில் 1,600 மணி. கூலி கொடுத்தது 1,760 மணிக்கு. மணிக்கு 75 ரூபாய் என்றால் 12,000 ரூபாய் பாதகம்.

இவை போக, பழ பன்னுக்குப் போடும் டூட்டி ஃப்ரூட்டி 20 கிலோவுக்குப் பதில் 26 கிலோ. 540 ரூபாய் பாதகம்.

முதலாளியின் விதி எளிமையானது: 5 சதவீதத்துக்கு மேல் பாதகமாக இருந்தால் விசாரி. அப்படிப் பார்த்தால் டூட்டி ஃப்ரூட்டியும் வேலை நேரமும் மாட்டுகின்றன, மைதா 3.75 சதவீதம் என்பதால் தப்பிவிடுகிறது. இது சரியாகப் படவில்லை. மாஸ்டரிடமும் ஸ்டோர்காரரிடமும் எல்லாவற்றுக்கும் போய் நின்றால் முகம் சுளிக்கிறார்கள். எதைப் பிடிப்பது?

பற்றுவரவு எழுதியது:

சதவீதத்தைத் தூக்கிப் போடுங்கள். 540 ரூபாய்க்காக ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்டால், கேட்பவர், பதில் சொல்பவர் இருவரின் அரை நாள் சம்பளமே அதைவிட அதிகமாகிவிடும். ரூபாயில் வரம்பு வையுங்கள், 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதாவும் வேலை நேரமும் உள்ளே வரும், மற்றவை வெளியே. ஈஸ்டில் மிச்சமாகியிருக்கிறது, மாஸ்டரைப் பாராட்டிவிட்டு நகருங்கள். மிச்சத்தை யாராவது விசாரிப்பார்களா?

சேலம்_பன்_கடை எழுதியது:

மைதா விலை ஏறினால் எல்லாருக்கும் இதே நிலைதான். விலை இறங்கும்போது நாங்கள் இரண்டு மாதத்துக்கு வாங்கிப் போட்டுவிடுகிறோம். ஆனால் மழைக்காலத்தில் வண்டு வைத்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_கணக்கர் எழுதியது:

நன்றி அண்ணா, ஆனால் இதில் விலையேற்றம் இல்லை. இரண்டு பக்கமும் அதே 38 ரூபாயில் போட்டிருக்கிறேன். 390 கிலோ கூடுதலாகப் போனதுதான் கேள்வி.

யாழ்_வெதுப்பகம் எழுதியது:

எங்கள் பக்கம் ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். பரிசோதகர்கள் வந்து நிறுத்துப் பார்த்தால் குறையக் கூடாது என்ற பயத்தில், எங்கள் வேலையாட்கள் உருண்டை பிடிக்கும்போதே கொஞ்சம் கூட்டிப் பிடித்துவிடுவார்கள். கோதுமை மா கூடுதலாகப் போன மாதமெல்லாம் காரணம் அதுதான். உங்கள் ரொட்டியை ஆறிய பிறகு நிறுத்துப் பார்த்தீர்களா? 400 கிராமைத் தாண்டுகிறதா?

பழைய_காஸ்டிங் எழுதியது:

யாழ் நண்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் தராசை எடுப்பதற்கு முன் உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் செலவே இல்லை.

முதலாவது மூட்டை. 390 கிலோ என்பது எட்டு மூட்டைக்கும் குறைவு. மாதக் கடைசியில் இருப்பு எண்ணும்போது ஓர் அடுக்கு விட்டுப்போயிருந்தால் உங்கள் மாறுபாடு முழுவதும் காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள். ஜனவரி மாதத் தொடக்க இருப்பை இன்னொருவரைக் கொண்டு எண்ண வையுங்கள்.

இரண்டாவது, 40,000 என்பது வெளியே போனவை. டின்னில் ஒட்டியது, கருகியது, மடிந்தது எல்லாம் மைதா தின்றவைதாம். கழிவு நோட்டில் எத்தனை?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சர்க்கரையைப் பாருங்கள். மைதா மட்டும் கூடி, சர்க்கரை அளவோடு நின்றிருந்தால், எண்ணிக்கைப் பிழை, சிந்தல், அல்லது மூட்டை வேறு வழியாக வெளியேறியது. சர்க்கரையும் அதே விகிதத்தில் கூடியிருந்தால், பிசைந்த மாவாகவே கூடுதலாகப் போயிருக்கிறது. அப்போது ஸ்டோர்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. உருண்டை வெட்டும் மேசைக்குப் போக வேண்டும்.

ஈஸ்டைப் பாராட்டிவிட்டு நகரச் சொன்னவருக்கு ஒரு சொல்: 19 சதவீதம் ஈஸ்ட் குறைந்தும் ரொட்டி அதே உயரத்தில் வருகிறதென்றால், ஒன்று நம் அளவு தவறு, அல்லது வேறு ஏதோ ஒன்று அந்த உயரத்தைக் கொடுக்கிறது. நான் முதலில் பிடிப்பது அந்த 6,000 ரூபாய் சாதகத்தைத்தான்.

ஓசூர்_கணக்கர் எழுதியது:

பார்த்துவிட்டேன் ஐயா. மூட்டை எண்ணிக்கை சரி. கழிவு நோட்டில் 300 ரொட்டி இருக்கிறது, அதற்கு 78 கிலோ மைதா. மிச்சம் 312 கிலோ.

சர்க்கரை 832 கிலோ போக வேண்டியது 860 போயிருக்கிறது. 28 கிலோ கூடுதல், 3.4 சதவீதம். மைதாவோடு ஏறக்குறைய சேர்ந்தே ஏறியிருக்கிறது.

பழைய_காஸ்டிங் எழுதியது:

அப்படியானால் தராசுக்குப் போகலாம். உங்கள் ரொட்டிக்கு உருண்டை 450 கிராம் என்று நினைக்கிறேன். சூளையில் 50 கிராம் வற்றி 400 ஆகும். கையிலும் தொட்டியிலும் ஒட்டும் 2 சதவீதத்தைக் கழித்தால், அந்த 450 கிராமில் மைதா 255. மிச்சம் 312 கிலோவை 40,300 ரொட்டிக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஏழே முக்கால் கிராம் மைதா. உருண்டையாகச் சொன்னால் 14 கிராம் அளவுக்குக் கூடும். எனவே 464 கிராம் பக்கத்தில் வருகிறதா என்று தேடுங்கள். இரண்டு ஷிஃப்டிலும், தொட்டியின் தொடக்கம், நடு, கடைசி என்று பிரித்து எடுங்கள். மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் அன்று மட்டும் 450 வரும்.

ஓசூர்_கணக்கர் எழுதியது:

சராசரி 462 கிராம். ஆறிய ரொட்டி 410, 411 என்று வருகிறது.

மாஸ்டர் கோபப்படவில்லை. "450 போட்டால் டின் நிரம்பவில்லை, ரொட்டியின் தலை தட்டையாக நிற்கிறது, கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள்" என்றார். ஈஸ்டைப் பற்றிக் கேட்டேன். ஏப்ரல் வெயிலில் மாவு பொங்கி வழிந்ததால் குறைத்தாராம். பழைய தாள்களைப் புரட்டினால் ஏப்ரல் முதலே ஈஸ்ட் சாதகம்தான். குளிர் வந்த பிறகும் அது பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மைதா பாதகம் நவம்பரில்தான் தலைகாட்டுகிறது.

பற்றுவரவு எழுதியது:

பின்வாங்குகிறேன், ஈஸ்டைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ரூபாய் வரம்பு இல்லாமல் இருக்க முடியாது என்பதில் மாற்றமில்லை. 450 கிராமுக்கு மேல் போன 12 கிராமில் மைதா 6.8 கிராம், 40,300 ரொட்டிக்கு 274 கிலோ. 390இல் 78 போக, 274 போக, மிஞ்சுவது 38 கிலோ, 1,444 ரூபாய். இதையும் துருவப் போகிறீர்களா?

பழைய_காஸ்டிங் எழுதியது:

மாட்டேன். ஒரு மூட்டைக்கும் குறைவு, தராசுப் பிழைக்குள் அடங்கிவிடும். அந்தச் சராசரியே ஜனவரியில் எடுத்தது, டிசம்பருக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரம்பு சாதகத்துக்கும் பாதகத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே திசையில் மாதக்கணக்காக நகரும் மாறுபாட்டுக்கு வரம்பே பார்க்கக் கூடாது. ஏப்ரலிலிருந்து ஈஸ்ட் தொடர்ந்து சாதகம் என்றால் அது தற்செயல் அல்ல, யாரோ முறையை மாற்றியிருக்கிறார்கள். மாதம் 6,000 மிச்சம் பிடிக்க, மைதா மட்டுமே 10,412 ரூபாய்க்குப் போயிருக்கிறது; சர்க்கரையும் கொழுப்பும் தனி.

ஓசூர்_கணக்கர் எழுதியது:

வேலை நேரத்தையும் ஈஸ்ட் கணக்கிலேயே எழுதிவிடலாமா? மாவு பொங்க 55 நிமிடம் என்பது இப்போது 75 நிமிடம் ஆகிறது. சூளைக்கு முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள். ஆனால் டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக்குக்கும் இதே ஆட்களைத்தான் இழுத்தோம். வருகைப் பதிவேட்டில் கேக், ரொட்டி என்று பிரிக்கவில்லை.

அடுப்படி_மாஸ்டர் எழுதியது:

கணக்குக்காரர்கள் மாவு பொங்கும் நேரத்தைச் சும்மா நிற்கும் நேரம் என்று எழுதிவிடுகிறீர்கள். எங்கள் ஆட்கள் அந்த 20 நிமிடத்தில் டின்னுக்கு எண்ணெய் தடவுவார்கள், முந்தைய ஈடு ரொட்டியைப் பாக்கெட் போடுவார்கள். கூடுதல் 160 மணியில் பாதிக்கு மேல் கேக்காகத்தான் இருக்கும்.

பற்றுவரவு எழுதியது:

இருக்கும் என்று எழுதிக் கணக்கை மூட முடியாது. 12,000 ரூபாய், கேக் ஆர்டர் நோட்டை வைத்தாவது மணியைப் பிரியுங்கள்.

பழைய_காஸ்டிங் எழுதியது:

இங்கே நான் மாஸ்டர் பக்கம் சாய்கிறேன், முழுவதும் அல்ல. ஒரு கிலோ பிளம் கேக்குக்கு எத்தனை நிமிடம் என்ற அளவே உங்களிடம் இல்லாதபோது, ஆர்டர் நோட்டை வைத்துப் பிரித்தால் கிடைப்பது நீங்கள் விரும்பிய எண்தான். டிசம்பரைப் 'பிரிக்க இயலவில்லை' என்று எழுதி விட்டுவிடுங்கள். ஜனவரியில் கேக் இல்லை. ஈஸ்டை 2 சதவீதத்துக்கு ஏற்றி, உருண்டையை 450க்கு இறக்கி, நேரம் 10 சதவீதத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று வாரம் வாரமாகப் பாருங்கள். இறங்காவிட்டால் மணிக்கு 25 என்ற அளவையே சந்தேகிக்க வேண்டும். அதை யார், எப்போது, எத்தனை டின்னை வைத்து நிர்ணயித்தார்கள்?

ஓசூர்_கணக்கர் எழுதியது:

எனக்கு முன்பிருந்தவர் வைத்தது, பழைய சூளை இருந்தபோது. இப்போது இருப்பது சுழல் தட்டுச் சூளை.

இன்னொன்று: கோடைக்கு ஈஸ்ட் அளவைத் தனியாக வைக்கச் சொல்கிறார் மாஸ்டர். எந்தத் தேதியில் மாற்றுவது?

அடுப்படி_மாஸ்டர் எழுதியது:

தேதி பார்க்க வேண்டாம் தம்பி. பிசைந்து இறக்கியதும் மாவில் தெர்மாமீட்டர் குத்துங்கள். 27 டிகிரி பக்கத்தில் இருந்தால் 2 சதவீதம். பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றியும் 30ஐத் தாண்டினால்தான் குறைக்க வேண்டும். அந்த எண்ணை ஈடுக்கு ஈடு எழுதி வைத்தால், ஈஸ்ட் ஏன் குறைந்தது என்று மாதக் கடைசியில் எங்களைத் தேடி வர வேண்டியிருக்காது.