இடது முனை சரியாக இருந்தும் விடை தவறு: வரிசையாக்கத் தாள் திருத்திய அனுபவங்கள்

ஆய்வக ஆசிரியை

வரிசையாக்கக் கேள்விக்கு விடை திருத்தும்போது பலர் கடைசி வரியைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். எந்த முறையில் செய்தாலும் கடைசி வரி ஒன்றாகத்தான் வரும். கேட்ட முறை தெரியுமா என்பதை இடையில் உள்ள வரிகள்தான் காட்டும். அண்மையில் என் கைக்கு வந்த ஒரு விடையை இங்கே வைக்கிறேன். 42, 17, 35, 8, 23, 11 என்ற எண்களைச் செலக்‌ஷன் சார்ட் முறையில் ஏறுவரிசைப்படுத்தி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அணியை எழுதச் சொல்லியிருந்தோம். மாணவர் எழுதியது இது. 0 என்பது தொடக்க நிலை.

```
0:  42 17 35  8 23 11
1:   8 42 35 17 23 11
2:   8 11 42 35 23 17
3:   8 11 17 42 35 23
4:   8 11 17 23 42 35
5:   8 11 17 23 35 42
```

முதல் சுற்றில் 8, அடுத்ததில் 8, 11, அதற்கடுத்து 17 என்று இடது முனை ஒழுங்காக வளர்கிறது. அதைப் பார்த்தே முழு மதிப்பெண் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் செலக்‌ஷன் சார்ட் ஒரு சுற்று முழுக்க மிகச் சிறிய எண்ணைத் தேடிவிட்டு, கடைசியில் ஒரே ஓர் இடமாற்றம்தான் செய்கிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு வரிகளை ஒப்பிட்டால் இரண்டு இடங்கள் மாறியிருக்க வேண்டும், அல்லது எதுவுமே மாறியிருக்கக் கூடாது. இங்கே முதல் சுற்றிலேயே மூன்று இடங்கள் மாறியிருக்கின்றன. 42 இருந்த இடத்தில் 8, 17 இருந்த இடத்தில் 42, 8 இருந்த இடத்தில் 17. சரியான முதல் வரி `8 17 35 42 23 11`. 17 தன் இடத்தை விட்டு அசைந்திருக்கவே கூடாது.

அந்த மாணவரின் நிரலைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது.

```
for i in range(n-1):
    for j in range(i+1, n):
        if a[i] > a[j]:
            a[i], a[j] = a[j], a[i]
```

சிறிய எண்ணின் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு தேடுவதற்குப் பதிலாக, தன்னைவிடச் சிறியதைக் கண்ட ஒவ்வொரு முறையும் இது இடம் மாற்றிவிடுகிறது. 42 முதலில் 17ஐச் சந்தித்து மாறுகிறது. முன்னால் வந்த 17, 35ஐக் கடந்து 8ஐச் சந்தித்து மீண்டும் மாறுகிறது. இது எக்ஸ்சேஞ்ச் சார்ட். வரிசையாக்கம் சரியாகவே முடியும், ஆனால் கேட்ட முறை இதுவல்ல. உங்களுக்கும் இப்படி வந்ததுண்டா?

தனிப்பயிற்சி நடத்துபவர்

நிறையவே வருகிறது மேடம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அடையாளம் எளிது. முதல் சுற்று முடிந்ததும் பெரிய எண் வலது முனைக்குப் போயிருந்தால் அது பபிள் சார்ட், சிறிய எண் இடது முனைக்கு வந்திருந்தால் செலக்‌ஷன் சார்ட். இந்த ஒன்று போதும்.

போன மாதம் ஒரு பையன் இதே எண்களுக்குப் பபிள் சார்ட் என்று எழுதி, முதல் வரியில் `17 35 8 23 11 42` என்று போட்டிருந்தான். 42 கடைசியில் இருக்கிறது, சரி என்று குறித்தேன். அடுத்த வரியில் `8 35 17 23 11 42`. நடுவில் எங்கோ கணக்குத் தவறிவிட்டது என்று நினைத்துப் பாதி மதிப்பெண் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளம் பாதிதான் உதவும். செலக்‌ஷன் சார்ட்டைப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கடைசியில் வைக்கும்படியும் எழுதலாம், அதில் தவறில்லை. அப்படிச் செய்தால் முதல் சுற்றில் 42உம் 11உம் இடம் மாறி `11 17 35 8 23 42` என்று வரும். வலது முனையில் 42 இருக்கிறது, ஆனால் பபிள் சார்ட் அல்ல. முனையைப் பார்ப்பது தொடக்கம் மட்டுமே. நடுவில் என்ன நகர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மாணவர் செய்தது கணக்குத் தவறு இல்லை, முறையே மாறிவிட்டது. இடமிருந்து வலமாகப் போகும் பபிள் சார்ட்டில் ஒரு சுற்றில் எந்த எண்ணும் இடப்பக்கம் ஓர் இடத்துக்கு மேல் நகர முடியாது. பெரிய எண்ணொன்று அதைத் தாண்டிப் போகும்போது ஒருமுறை இடப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். வலப்பக்கம் எவ்வளவு தூரமும் போகலாம். உங்கள் மாணவரின் இரண்டாம் வரியில் 8 ஒரே தாவலில் இரண்டு இடம் இடதுபுறம் வந்திருக்கிறது. 35 கடைசிக்கு முந்தைய இடத்துக்குப் போகவும் இல்லை. பபிள் சார்ட்டில் வர வேண்டியது `17 8 23 11 35 42`. அவர் முதல் சுற்றைப் பபிள் முறையில் செய்துவிட்டு, இரண்டாவதில் மீதியில் சிறியதைத் தேடி முன்னால் மாற்றியிருக்கிறார்.

இரண்டாம் ஆண்டு மாணவி

ஐயா, எனக்கும் இதே மாதிரி நடந்தது. பபிள் சார்ட்டில் நான்காவது சுற்றிலேயே அணி வரிசையாகிவிட்டதால் நான்கு வரிகளோடு நிறுத்தினேன். ஐந்தாவது வரி இல்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள். இடமாற்றம் இல்லாவிட்டால் நிறுத்தலாம் என்றுதானே வகுப்பில் சொன்னார்கள்?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

நீங்கள் கேட்பது வேறு விஷயம் அம்மா, முறை கலந்ததைப் பற்றியல்ல. இருந்தாலும் சொல்கிறேன். இதே எண்களாக இருந்தால் நான்காவது சுற்றில் 17உம் 11உம் இடம் மாறுகின்றன. மாற்றம் நடந்துவிட்டதால் நிரலுக்கு அணி வரிசையாகிவிட்டது என்று அப்போது தெரியாது. இன்னொரு சுற்று ஓடி, அதில் எதுவும் மாறாதபோதுதான் நிற்கும். ஆகவே ஐந்தாவது வரி உண்டு, நான்காவதைப் போலவே இருக்கும்.

இரண்டாம் ஆண்டு மாணவி

கேள்வியில் ‘வரிசையாகும் வரை’ என்றுதான் இருந்தது ஐயா. வரிசையாகிவிட்டது, நிறுத்தினேன். அது ஏன் தவறு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மென்பொருள் பணியாளர்

எங்கள் நேர்முகத் தேர்வில் குயிக் சார்ட்டுக்கு இப்படி வரிகள் எழுதச் சொல்வார்கள். பிவட் எது, பிரிக்கும் முறை எது என்று சொல்லாமல் கேட்டால் பல விடைகள் சரியாகவே இருக்கும். செலக்‌ஷன், பபிள், இன்சர்ஷன் ஆகிய மூன்று முறைகளில் அந்தத் தொல்லை குறைவு.

இன்சர்ஷன் சார்ட்டைப் பற்றி ஒன்று. ஒரு மாணவர் எண்களை நகர்த்தாமல் பக்கத்தில் உள்ளதோடு மாற்றி மாற்றி இடப்பக்கம் கொண்டுவந்தார் என்பதற்காகத் தவறு போட்டதைப் பார்த்திருக்கிறேன். சுற்றின் முடிவில் அணி இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

ஆய்வக ஆசிரியை

அதோடு இன்சர்ஷனில் நான் பார்ப்பது வலப்பக்கத்தை. இரண்டாம் சுற்றில் `17 35 42 8 23 11`. இன்னும் கை வைக்காத 8, 23, 11 மூலத்தில் இருந்த அதே வரிசையில், அதே இடத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்று நகர்ந்திருந்தாலும் வேறு முறை நுழைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்க்கிறேன், இங்கே 136 வர வேண்டும். எழுதும்போது 11ஐ இரண்டு முறை எழுதி 17ஐ விட்டுவிட்டால் அங்கேயே சிக்கிவிடும். கூட்டல் சரியாக வருவதால் மட்டும் முறை சரியாகிவிடாது.

தனிப்பயிற்சி சார் கேட்கக்கூடிய கேள்வியை நானே கேட்கிறேன்: வேறு முறையைப் பிழையின்றிச் செய்த மாணவருக்கு எத்தனை மதிப்பெண்? எங்கள் துறையிலேயே இதில் ஒத்த கருத்து இல்லை. நான் பாதி கொடுக்கிறேன், என் சக ஆசிரியர் எதுவும் கொடுப்பதில்லை.

வினாத்தாளை மட்டும் மாற்றிவிட்டேன். ‘நான்காவது சுற்றுக்குப் பின் அணி என்ன’ என்று கேட்டால் மேலே உள்ள எண்களுக்குச் செலக்‌ஷனும் எக்ஸ்சேஞ்சும் ஒரே விடையைத் தருகின்றன: `8 11 17 23 42 35`. இப்போது முதல் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் கேட்கிறேன். அங்கே இரண்டும் பிரிகின்றன.