லெக் பிரஸ் தள்ளும்போது பின்மண்டையில் தெறிக்கும் வலி, உங்களுக்கு வந்திருக்கிறதா?

கார்த்தி: எடையை ஏற்றி லெக் பிரஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். செட் முடியும் நேரத்தில் பின்மண்டை இரண்டு பக்கமும் விண்விண்ணென்று தெறித்தது. நிறுத்தியதும் கொஞ்சம் தணிந்தது, ராத்திரி வரை மந்தமாக இருந்தது. இப்போது பாதி எடைக்கே வருகிறது. ஓடினால் வருவதில்லை. யாருக்காவது இப்படி?

செல்வம்: தண்ணி பத்தல தம்பி. ஜிம்முக்குப் போறதுக்கு முன்னாடி உப்பு போட்டு மோர் குடிங்க. எனக்கு அதுலயே நின்னுச்சு.

மீனா: எனக்கும் உண்டு. சாப்பிடாமல் வெயிலில் வேகமாக நடந்தால் ஒரு பக்கம் மட்டும் இடிக்கும், வெளிச்சம் பார்க்க முடியாது. மைக்ரேன் என்றார்கள். உங்களுக்கும் அதுதானோ?

நஸ்ரின்: அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். செல்வம் அண்ணா சொல்வது பாதி சரி. நீர் வற்றினால் தலை வலிக்கும், ஆனால் அது மெல்ல ஏறும். தள்ளும்போதே அடிப்பது வேறு. கார்த்தி, மூச்சை அடக்கித்தானே தள்ளுகிறீர்கள்? அடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடும். ரத்த அழுத்தமும் எகிறும். 1985-இல் பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்தபோது உச்சம் சராசரியாக 320/250.

இதெல்லாம் தெரிந்தாலும், முதல் தடவை வந்த வலியை ஜிம் தலைவலி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்தாலும் முக்கும்போது இப்படியே தொடங்கலாம். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி, கழுத்து விறைப்பு, மயக்கம், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் என்றால் உடனே அவசரப் பிரிவு. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு அநேகமாகத் தப்பாது. தாமதமானால் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். உங்களுக்கு இவை இல்லாவிட்டாலும் பரிசோதிக்கும்வரை எடை தூக்க வேண்டாம்.

பாலா (பயிற்சியாளர்): மூச்சை விட்டுக்கொண்டே தள்ளு என்பது நடுத்தர எடைக்குச் சரி. தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதத்தைத் தாண்டினால் மூச்சு தானாகவே அடைபடும், முதுகுக்கும் அந்தப் பிடிமானம் தேவை.

நஸ்ரின்: ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வலி வந்தவர் அந்த எடைக்கே கொஞ்ச காலம் போகக்கூடாது என்கிறேன்.

கார்த்தி: நரம்பியல் மருத்துவரைப் பார்த்தேன். ரத்தக்குழாயோடு சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது. சில வாரம் ஓய்வு. பிறகு லேசான எடை, நிதானமான வார்ம்அப், தள்ளும்போது மூச்சை வெளியே விடுவது. திரும்ப வந்தால் பயிற்சிக்கு முன்னால் போட இண்டோமெத்தசின் தரலாம் என்றார். ஆனால் கழுத்தை ஒரு பக்கம் அழுத்தினால் இன்னும் வலிக்கிறது. தள்ளும்போது தலையை முன்னால் தூக்கிக்கொள்வேன். பாலா அண்ணா, அதுவும் காரணமாக இருக்குமா?

பாலா: இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது. பிசியோவிடம் கழுத்தைக் காட்டுங்கள். தலை எப்போதும் திண்டில் படிந்தே இருக்கட்டும்.